வகுப்பில் நடந்த தவற்றுக்கு மன்னிப்புக் கோருதல்

கோவில்பட்டி,
19.11.2024

அனுப்புநர்:
முத்துலட்சுமி,
க/பெ. செல்வராஜ்

பெறுநர்:
தமிழாசிரியர் அவர்கள்,
8ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்று மூன்றாம் பாடவேளையில் மாணவர்கள் திருக்குறள் ஒப்புவித்துக்கொண்டிருந்தபோது, திக்கிப் பேசும் ஒரு மாணவனை என் மகன் கவின் அப்படியே நடித்துக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைத்ததையும், தாங்கள் எழுந்து நிற்கச் சொன்னபோது, "விளையாட்டுக்குத்தானே ஐயா, இதற்குப் போய்க் கோபப்படுகிறீர்களே" என்று எதிர்த்துப் பேசியதையும் நேற்று மாலை தாங்கள் தொலைபேசியில் தெரிவித்தீர்கள். அவனுடைய இந்த நடத்தைக்காக நானும் என் கணவரும் தங்களிடம் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அந்த மாணவனின் பெயரை நான் அறிவேன். இந்தக் கடிதத்தில் அது இடம்பெற வேண்டாம் என்றே தவிர்த்திருக்கிறேன்.

வீட்டில் விசாரித்தபோது கவின் எதையும் மறைக்கவில்லை. ஆனால் "எல்லோரும்தான் சிரித்தார்கள்" என்பதை ஒரு நியாயம்போலச் சொன்னான். அதை நாங்கள் ஏற்கவில்லை. சிரித்தவர்கள் நாற்பது பேராக இருந்தாலும் சிரிக்க வைத்தவன் அவன்தான் என்பதையும், திக்குவாய் உள்ளவர்களுக்குப் பலர் முன்னிலையில் பேசும்போதும் பிறர் கேலி செய்யும்போதும் சொற்கள் இன்னும் அதிகமாகத் தடைபடக்கூடும் என்பதையும், அப்படி இருந்தும் எழுந்து நின்று ஒப்புவிக்க முன்வந்த பிள்ளையின் துணிவைத்தான் அவன் குலைத்துவிட்டான் என்பதையும் எடுத்துச் சொன்னோம். அந்த அதிகாரத்தில் எத்தனை குறள் உனக்குத் தெரியும் என்று அவன் அப்பா கேட்டதற்கு மூன்றுக்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் தலையைக் குனிந்தான்.

குரல் மாற்றிப் பேசுவது கவினுக்கு இயல்பாக வருகிறது. கல்யாண வீடுகளில் உறவினர்கள் அவனை நடுவில் நிறுத்தி, நடிகர்களைப்போலப் பேசச் சொல்லிக் கைதட்டுவதும் உண்டு. அந்தத் திறமையை முடக்க நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் ஒருவருடைய உடற்குறையையோ பேச்சுத் தடையையோ தொட்டு இனி யார் கேட்டாலும் செய்யக்கூடாது என்று அவனிடமும், கேட்டுப் பழகிய அவன் மாமாக்களிடமும் சொல்லிவிட்டோம். இத்தகைய காணொளிகளை மாலையில் கைப்பேசியில் பார்த்துப் பழகுவதால், அரையாண்டுத் தேர்வு முடியும்வரை கைப்பேசி அவன் கைக்குப் போகாது. பள்ளியிலிருந்து வரும் வீட்டுப்பாடச் செய்திகளை நானே பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

நாளை காலை இறைவணக்கக் கூட்டத்துக்கு முன்பாக என் கணவர் கவினை ஆசிரியர் அறைக்கு அழைத்து வருவார். தங்களிடம் அவன் நேரில் மன்னிப்புக் கேட்பான். எதிர்த்துப் பேசியது வகுப்பின் முன்னால் என்பதால், தாங்கள் விரும்பினால் வகுப்பிலும் கேட்பான். அந்த மாணவனிடம் கேட்பது பற்றி மட்டும் எங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் கேட்க வைத்தால், அந்தப் பிள்ளையின் திக்கலே மறுபடியும் வகுப்பின் பேச்சாகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். ஆகவே தனியாகவா, பெற்றோர் உடனிருக்கவா, கடிதமாகவா, அல்லது இப்போது எதுவுமே வேண்டாமா என்பதைத் தாங்கள் அவனிடம் கேட்டுச் சொல்ல வேண்டுகிறேன். அவன் விரும்புகிறபடியே கவின் நடந்துகொள்வான். அவன் பெற்றோருக்குச் சம்மதமென்றால் நாங்களும் அவர்கள் வீட்டுக்குச் சென்று பேசுவோம்.

அந்த அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் பொருளுடன் படித்து, வரும் திங்கட்கிழமை கவின் தங்களிடம் ஒப்புவிப்பான். அவனைத் தங்கள் கண்ணெதிரே முதல் வரிசையில் அமர்த்துவது நல்லதென்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அது தங்கள் முடிவு. அரையாண்டுத் தேர்வுவரை வெள்ளிக்கிழமைதோறும் அவனுடைய நாட்குறிப்பில் தாங்கள் ஒரு கையொப்பம் இட்டால், அந்த வாரம் குறை இல்லை என்று எடுத்துக்கொள்வோம். கையொப்பம் இல்லையென்றால் மறுநாளே நான் தங்களைத் தொடர்பு கொள்கிறேன். விரிவாக எழுத வேண்டிய சுமை தங்களுக்கு வேண்டாம்.

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த தலைமுறையின் மகள் நான். அப்படி நான் கேட்கப்போவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. பாடவேளை வீணானதற்கு ஈடாகத் தாங்கள் வகுப்பில் என்ன வேலை கொடுத்தாலும், எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்துச் செய்யச் சொன்னாலும் எங்களுக்கு முழுச் சம்மதம். மாலை தாமதமானால் நானே வந்து அழைத்துச் செல்கிறேன்.

பிற்பகல் 3 மணிக்கு மேல் எப்போது அழைத்தாலும் பேசுவேன். தாங்கள் நேற்று அழைத்த எண் என்னுடையதுதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. முத்துலட்சுமி
(செ. கவினின் தாய்)