பழைய பம்ப் ஷாஃப்டின் விடுபட்ட அளவுகள் கேட்டு

அனுப்புநர்
பராமரிப்புப் பொறியாளர் (மெக்கானிக்கல்),
சர்க்கரை ஆலை,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், உதிரிபாகப் பிரிவு,
பம்ப் தயாரிப்பு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

நாள்: 09.10.2025

பொருள்: 80-400 அளவு சென்ட்ரிஃபியூகல் பம்ப் (தயாரிப்பு எண் 4417, ஆண்டு 1987) – ஷாஃப்ட் டிராயிங்கில் விடுபட்ட அளவுகள் வேண்டி.

பார்வை: தங்கள் 22.09.2025 மின்னஞ்சல்.

ஐயா,

வணக்கம். அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது, ஷாஃப்ட் கையிருப்பில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். புதுப் பம்புக்கான கொட்டேஷனும் வந்து சேர்ந்தது. நன்றி. ஆனால் இப்போது அதை எடுக்கும் நிலையில் நாங்கள் இல்லை. புதிய மாடலின் பேஸ் பிளேட் எங்கள் ஃபவுண்டேஷன் போல்ட்டுக்கு உட்காராது. சக்ஷன், டெலிவரி இரண்டு பக்கமும் பைப்பை வெட்டி ஒட்ட வேண்டும். டிசம்பர் முதல் வாரம் அரவை தொடங்குகிறது. கேசிங், இம்பெல்லர், பேரிங் ஹவுசிங் மூன்றும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. போனது ஷாஃப்ட் மட்டும். அதை நாங்களே செய்துகொள்கிறோம், அளவுகளை மட்டும் கொடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

இது கலப்புச் சாறு பம்ப். மணிக்கு 120 கன மீட்டர், ஹெட் 40 மீட்டர், 30 எச்.பி. மோட்டார், 1450 ஆர்.பி.எம். க்ளாண்ட் பேக்கிங்தான், மெக்கானிக்கல் சீல் கிடையாது. இரண்டு பம்பில் ஒன்று ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. இப்போது ஸ்டாண்ட்பை இல்லாமல்தான் நிற்கிறோம்.

ஷாஃப்ட் எங்களிடம் இல்லாமல் இல்லை. இரண்டு இருக்கின்றன, இரண்டையும் நம்ப முடியவில்லை என்பதுதான் சிக்கல். ஒன்று நீங்கள் முதலில் கொடுத்தது, தேய்ந்து ஸ்டோரில் கிடக்கிறது. மற்றொன்று, அந்தத் தேய்ந்ததை அளந்து வெளியே லேத்தில் கடைந்து வாங்கியது. இந்த இரண்டாவது ஒரு சீசன்கூட முழுதாக ஓடவில்லை. இம்பெல்லர் நட்டுக்கு முன்னால் மரை முடியும் அண்டர்கட்டில் அறுந்துவிட்டது. உடைந்த முகத்தைப் பார்த்தால் ஒரு ஓரத்திலிருந்து உள்ளே வரை, மணலில் அலை விட்டுப்போன தடம் மாதிரி வரிவரியாக இருக்கிறது. கடைசியில் முறிந்த இடம் சிறியதுதான். அதாவது ஓவர்லோடில் ஒரே அடியாக உடையவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடியிருக்கிறது. லேத்தில் அந்த மூலையை ரேடியஸ் இல்லாமல் கூராக விட்டிருக்கிறார்கள். பழைய ஷாஃப்டில் பார்க்கலாம் என்றால் அந்த இடம் துரு ஏறிப் பள்ளமாகிவிட்டது, ரேடியஸ் கேஜ் உட்காரவே மாட்டேன் என்கிறது. எனவே முதல் கேள்வி: அண்டர்கட்டின் அகலம், ஆழம், மூலை ரேடியஸ் எவ்வளவு? மரை எம்30, பிட்ச் 1.5, வலது மரை என்பது நட்டுக்குள் மாட்டியிருந்த துண்டிலிருந்தே தெரிந்துவிட்டது. அது சரிதானா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

அடுத்தது பேரிங் உட்காரும் இடம். இரண்டு பக்கமும் 6309. 45 மி.மீ. என்பதில் சந்தேகம் இல்லை, டாலரன்ஸ்தான் தெரியவில்லை. டிராயிங்கில் அந்த இடத்தில் சரியாக மடிப்பு விழுந்து நீலம் உதிர்ந்திருக்கிறது. கே6 என்றால் 45.002 முதல் 45.018 வரை கடைய வேண்டும். ஜே6 என்றால் 44.995 முதல் 45.011 வரை. பழைய ஷாஃப்டில் மைக்ரோமீட்டர் 44.97 காட்டுகிறது. உள் ரேஸ் சுற்றிச் சுற்றிச் செம்மண் நிறத்தில் பொடி வந்த ஷாஃப்ட் அது. அதை வைத்து முதலில் என்ன ஃபிட் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு முனைக்கும் ஒரே ஃபிட்டா, லாக் நட் இருக்கும் டிரைவ் பக்கம் வேறா என்பதையும் குறிப்பிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பேரிங் ஷோல்டர் இரண்டுக்கும் இடையிலான நீளம். டிராயிங்கில் '18' வரை படிக்க முடிகிறது, மிச்சம் கிழிந்துவிட்டது. பழைய ஷாஃப்டில் 186.4, லேத்தில் கடைந்ததில் 187.0. இந்த 0.6 சின்ன வித்தியாசம் இல்லை. நீளம் கூடினால் இம்பெல்லர் பக்கத்துப் பேரிங்கின் வெளி ரேஸ் கவரில் போய் முட்டும், ஷாஃப்ட் சூட்டில் நீளவும் இடம் இருக்காது. போன சீசனில் அந்தப் பக்க ஹவுசிங் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எனவே நீளத்தோடு பிளஸ், மைனஸ் டாலரன்ஸும், ஹவுசிங்கில் நீங்கள் விட்ட எண்ட் ஃப்ளோட்டும் வேண்டும். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து தோராயமாகச் சொல்ல வேண்டாம்.

ஸ்லீவ் உட்காரும் 40 மி.மீ. பகுதிக்கும், இம்பெல்லர் உட்காரும் 35 மி.மீ. பகுதிக்கும் டாலரன்ஸ் தேவை. ஸ்லீவ் இன்னும் உங்களிடம் கிடைக்கிறது என்று உங்கள் டீலர் சொன்னார். அப்படியானால் அதன் போர் டாலரன்ஸைச் சொன்னாலும் போதும், ஷாஃப்டை அதற்கேற்ப வைத்துக்கொள்கிறோம். ஸ்லீவுக்கும் இம்பெல்லருக்கும் நடுவில் கேஸ்கெட்டா, ஓ-ரிங்கா? பழையதில் நசுங்கிய ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, சுரண்டிப் பார்த்தும் தெரியவில்லை. அந்த வழியாகத்தான் சாறு இறங்கி ஷாஃப்டைத் தின்றிருக்கிறது. கலப்புச் சாறு புளிப்பு, பி.எச். 5-க்குச் சற்று மேலேதான் இருக்கும்.

அதனாலேயே மெட்டீரியல் பற்றியும் கேட்கிறேன். டிராயிங்கில் இஎன்8 என்று இருக்கிறது, ஹீட் ட்ரீட்மெண்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 410 ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாறினால் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா? இதே பம்பை வேறு ஆலைகளுக்கு அப்படிக் கொடுத்த அனுபவம் இருந்தால் அதுவும் உதவும்.

கப்ளிங் முனை 42 மி.மீ., அதன் சாவி 12 x 8, இம்பெல்லர் சாவி 10 x 8. இவை தெளிவாக இருக்கின்றன. கீவே நீளத்தைப் பழைய ஷாஃப்டிலிருந்தே எடுத்துக்கொள்வோம். ரன்-அவுட் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 0.03 மி.மீ.க்குள் வைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு விஷயம். எங்கள் டிராயிங்கின் மூலையில் திருத்தம் 2 என்று இருக்கிறது. 4417-க்கு அனுப்பிய ஷாஃப்ட் அந்தத் திருத்தத்தின்படிதானா, அதற்குப் பிறகு ஏதாவது மாற்றினீர்களா என்று உங்கள் ரிக்கார்டில் ஒருமுறை பார்த்துவிட்டு அளவுகளைக் கொடுங்கள். இல்லாவிட்டால் வேறு ஷாஃப்டின் அளவு எங்கள் கைக்கு வந்துவிடும்.

முழு டிராயிங்கை வெளியே தருவதில் உங்களுக்குத் தயக்கம் இருக்கும், புரிகிறது. அது வேண்டாம். இத்துடன் கையால் போட்ட ஸ்கெட்ச் இணைத்திருக்கிறேன். வேண்டிய இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன். அந்த வட்டங்களில் பேனாவால் எண்களை எழுதி, ஃபோட்டோ எடுத்து அனுப்பினாலே போதும். பழைய ட்ரேசிங் ஷீட்டின் அந்தப் பகுதி ஃபோட்டோவாக இருந்தாலும் சரி. இந்த ஒரு ஷாஃப்டும் ஒரு ஸ்பேரும் தவிர வேறெதற்கும் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதித் தரத் தயார். கட்டணம் உண்டென்றால் ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் அனுப்புங்கள், பர்ச்சேஸ் பிரிவில் பேசிவிட்டேன்.

ராடு வாங்கி, கடைந்து, கிரைண்டிங் முடித்து, பேலன்சிங் பார்த்து மாட்ட எங்களுக்கு நான்கு வாரம் ஆகும். எனவே 24.10.2025-க்குள் பதில் வந்தால்தான் அரவைக்கு முன் ட்ரயல் ஓட்ட முடியும். எல்லா அளவும் ஒரே நேரத்தில் கிடைக்காவிட்டால், ஷோல்டர் நீளத்தையும் பேரிங் டாலரன்ஸையும் முதலில் அனுப்பிவிடுங்கள், மற்றவை பின்னால் வரட்டும். உங்கள் டிசைன் பிரிவில் யாரிடமாவது நேரடியாகப் பேச வேண்டுமென்றால் நேரம் சொல்லுங்கள், உடைந்த துண்டோடு கோவைக்கே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பராமரிப்புப் பொறியாளர் (மெக்கானிக்கல்)

இணைப்பு: ஸ்கெட்ச் ஒரு பக்கம், பழைய டிராயிங் நகல், உடைந்த முகம், பேரிங் இருக்கை, நேம் பிளேட் ஃபோட்டோக்கள்.
நகல்: பர்ச்சேஸ் பிரிவு.