மாதச் சேமிப்பு நகைத் திட்டம்: சேரும் முன் வாசிக்க வேண்டிய நிபந்தனைகள்

திருகோணமலை மத்திய வீதியில் உள்ள எங்கள் கடையில் இந்தத் திட்டத்தில் சேரும் எல்லாருக்கும் இவை பொருந்தும். வாசித்து, விளங்காததைக் கேட்டு, பிறகு கையெழுத்து வையுங்கள்.

நீங்கள் தருவது நகைக்கான முற்பணம், வைப்பு அல்ல. பொதுமக்களிடம் வைப்பு வாங்க மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். அது எங்களிடம் இல்லை. ஆகவே வட்டி கிடையாது. வட்டி வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பவர்களும் தயங்காமல் சேரலாம்.

தவணை மாதம் 10,000 ரூபாய் முதல் 50,000 வரை, 11 தவணைகள். சேரும்போது தெரிவுசெய்த தொகையை இடையில் மாற்ற முடியாது. விலை இறங்கிய மாதம் பார்த்து மூன்று தவணையைச் சேர்த்துக் கட்டவும் முடியாது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும். 25 வரை பொறுப்போம்.

விலைப் பாதுகாப்பு

2022 மார்ச்சில் ரூபாய் விழுந்தபோது தங்க விலை எப்படிப் பாய்ந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். மாதா மாதம் காசாகச் சேர்த்தவர்களின் கையில் காசு இருந்தது, பவுண் எட்டாமல் போனது. அதனால் இங்கே உங்கள் தவணை கட்டிய அன்றே 22 கரட் நிறையாக மாறிவிடும். காலை 10.30க்குக் கடைப் பலகையில் எழுதும் விலையே அன்றைய விலை. வங்கியில் போடுபவர்களுக்குப் பணம் எங்கள் கணக்கில் விழுந்த நாளின் விலை. கனடாவில் இருந்து பிள்ளைகள் அனுப்பினாலும் இதே கணக்குத்தான்.

அட்டையில் திகதி, விலை, கிராம் மூன்று தசமம் வரை, எங்கள் கையெழுத்து, இந்த நான்கும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கடையை விட்டு இறங்காதீர்கள்.

முதிர்வன்று இரண்டு கணக்குப் பார்ப்போம். ஒன்று அட்டையில் சேர்ந்த நிறை. மற்றது கட்டிய மொத்தக் காசுக்கு அன்றைய விலையில் வரும் நிறை. எது கூடுதலோ அது உங்களுடையது. உதாரணத்துக்கு, மாதம் 10,000 கட்டுகிறீர்கள். முதல் 6 மாதம் பவுண் 2,00,000 ரூபாய், அதாவது கிராம் 25,000. அடுத்த 5 மாதமும் முதிர்வன்றும் பவுண் 3,20,000, கிராம் 40,000 என்று வையுங்கள். அட்டையில் 3.650 கிராம் இருக்கும். காசாக வைத்திருந்தால் 2.750 தான். விலை இதற்கு எதிர்மாறாக இறங்கியிருந்தால் அட்டையில் 3.500, காசுக் கணக்கில் 4.400, அப்போது 4.400 தருவோம்.

செய்கூலி, சேதாரம், கல் விலை, அரச வரி ஆகியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவை நகை எடுக்கும் நாளின் கணக்கு.

முதிர்வுப் போனஸ்

11 தவணையும் ஒழுங்காகக் கட்டியவருக்கு அரைத் தவணை போனஸ். 10,000 கட்டியவருக்கு 5,000 ரூபாய். இது செய்கூலியில் கழியும், மிஞ்சினால் சேதாரத்தில் கழியும், காசாகத் தரமாட்டோம். தங்க நாணயம் எடுத்தால் போனஸ் இல்லை. 25ஆம் திகதி தாண்டிய தவணை ஒன்றென்றால் போனஸ் பாதியாகும்; இரண்டென்றால் போனஸே இல்லை. நிறை மட்டும் குறையாது.

கடலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு விலக்கு. வாடைக்காலத்தில் கார்த்திகை, மார்கழித் தவணைகளைப் பிந்திக் கட்டலாம், போனஸ் போகாது. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கட்டும் நாளின் விலைதான் எழுதப்படும், முதிர்வும் அவ்வளவு தள்ளிப்போகும்.

கடைசித் தவணைக்கு 30 நாள் கழித்து முதிர்வு. அதிலிருந்து 60 நாளுக்குள் நகை எடுங்கள். அதற்குப் பிறகு வந்தால் அட்டை நிறை அப்படியே இருக்கும். கூடுதலானதை எடுக்கும் உரிமையும் போனஸும் இருக்காது.

இடையில் நிறுத்தினால்

6 தவணை கட்டிய பின் அட்டையில் உள்ள நிறைக்கு நகை எடுக்கலாம், போனஸ் இல்லை. காசாகக் கேட்டால், எந்த மாதமானாலும், கட்டிய ரூபாயில் 2 சதவீதம் கழித்து 14 நாளுக்குள் தருவோம். "விலை ஏறியிருக்கிறதே, நிறைக்குக் காசு தாருங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. தர முடியாது, நகைக்காக மட்டுமே நிறையைப் பிடித்து வைக்கிறோம்.

சேர்ந்தவர் இறந்தால், அல்லது வைத்தியசாலைச் செலவு என்று கடிதத்தோடு வந்தால், 2 சதவீதம் கழிக்கமாட்டோம். இறந்தவரின் அட்டை நிறையை, அவர் எழுதித் தந்த பின்னுரித்தாளர் அடையாள அட்டையோடு வந்து நகையாக எடுக்கலாம். 6 தவணை ஆகியிருக்க வேண்டியதில்லை. பெயர் எழுதாமல் விட்டு, பிறகு சகோதரங்கள் கடை வாசலில் நின்று பேசுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். சேரும் அன்றே எழுதுங்கள்.

அட்டை தொலைந்தால் எங்கள் பதிவேட்டைப் பார்த்துப் புது அட்டை தருவோம், கட்டணம் 250 ரூபாய். பதிவேடும் அட்டையும் முரண்பட்டால், எங்கள் கையெழுத்துள்ள அட்டையே செல்லும்.