தள மட்டப்படுத்தல்: வெட்டு–நிரப்பு சமநிலை அறிக்கை

பெறுநர்: திட்டப் பொறியாளர், கிடங்கு வளாகம்
பரப்பு: 2.4 ஹெக்டேர். 10 மீட்டர் கட்ட அளவீடு.

வரைபடத்தோடு வந்த கணக்கு வெட்டு 20,350, நிரப்பு 15,900 கனமீட்டர், ஆக 4,450 கனமீட்டர் மண் மிச்சம் என்று காட்டுகிறது. அதை நம்பி மண்ணை வெளியே அனுப்ப வேண்டாம். உண்மையில் நமக்கு 350 கனமீட்டர் பற்றாக்குறை.

முதல் காரணம் மேல்மண். 150 மி.மீ. உரித்துத் தனியே குவிக்கப் போகிறோம். அது நிரப்புக்கு ஆகாது. அதனால் வெட்டுப் பகுதியில் (13,000 சதுர மீட்டர்) 1,950 குறைகிறது. நிரப்புப் பகுதியில் (11,000 சதுர மீட்டர்) உரித்த பள்ளத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டியிருப்பதால் 1,650 கூடுகிறது.

இரண்டாவது, சுருக்கம். களிமணலின் இயற்கை உலர் அடர்த்தி கனமீட்டருக்கு 1.62 டன். ஆய்வகத்தில் கிடைத்த அதிகபட்சம் 1.90, அதில் 95% இறுக்கம் கேட்டிருக்கிறோம், அதாவது 1.805.

1.62 ÷ 1.805 = 0.90

ரோலர் ஓடி முடித்தபின் பத்தில் ஒரு பங்கு மண் 'காணாமல்' போகும். சிதைந்த பாறை இதற்கு நேர்மாறு: உடைத்து இறுக்கினாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அதற்கு 1.10 எடுத்திருக்கிறேன்.

| | வெட்டு | காரணி | நிரப்பில் |
|---|---|---|---|
| களிமணல் | 15,200 | 0.90 | 13,680 |
| பாறை | 3,200 | 1.10 | 3,520 |
| மொத்தம் | 18,400 | | 17,200 |
| தேவை | | | 17,550 |
| பற்றாக்குறை | | | 350 |

லாரிக் கணக்குக்கு இந்தக் காரணிகளைப் போடக் கூடாது. தோண்டியதும் மண் 25 சதவீதமும் பாறை 50 சதவீதமும் உப்பும். ஏற்ற வேண்டியது 23,800 கனமீட்டர் தளர்மண். 14 கனமீட்டர் டிப்பரில் 1,700 நடை. நடையை எண்ணி நிரப்பின் அளவைச் சொல்ல முயன்றால் தப்பாகத்தான் வரும்.

பரிந்துரை: தள மட்டத்தை முழுவதும் 20 மி.மீ. இறக்கலாம். வெட்டில் 260 கூடி, சுருங்கியபின் 234 ஆகும். நிரப்புத் தேவையும் 220 குறையும். மொத்த ஆதாயம் 454, கையில் சுமார் 100 மிச்சம். வடிகால் முடியும் தொட்டியில் 60 மி.மீ. இடைவெளி இருப்பதால் சரிவு கெடாது.

அந்த 100 போதுமா என்றால், நிச்சயமில்லை. சுருக்கம் 10க்குப் பதில் 12 சதவீதமாக வந்தால் 300 கனமீட்டருக்கு மேல் போய்விடும். எனவே வடக்கு ஓரத்து மண்மேட்டை (600 கனமீட்டர், நிரப்பில் சேர்ந்தது) கடைசியாகப் போடுங்கள். குறைந்தால் மேடு தாழட்டும், மிஞ்சினால் உயரட்டும். அதன் மட்டத்தில் எந்தக் கட்டடமும் சார்ந்திருக்கவில்லை.

பாறைக்கான 1.10 மட்டும் அனுமானம். முதல் இரண்டு அடுக்கு போட்டதும் அளந்து பார்த்து, அதற்கேற்ப இந்த அட்டவணையைத் திருத்தி அனுப்புகிறேன். அதுவரை ஒரு லாரி மண்கூட வளாகத்தைத் தாண்ட வேண்டாம்.