கணக்கு டீச்சர் பணி நிறைவு விழா வீடியோ: ஸ்கிரிப்ட், கடைசி வடிவம்

எடிட்டிங் பார்க்கும் தம்பிக்கு: வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட், பழைய போட்டோவுக்குக் கீழே எழுதியது, ஒருவர் மளிகைச் சீட்டின் பின்பக்கம் கிறுக்கி அனுப்பியது என எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்து இதை எழுதியிருக்கிறேன். "அறிவுச் சுடரே", "ஏணியாய் நின்றவரே" வகையறாக்களை ஒன்றுவிடாமல் வெட்டியாச்சு, எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், டீச்சர் அதைக் கேட்டால் மேடையிலேயே சிரித்துவிடுவார். சென்டம் எடுத்தவர்கள் பேசியதைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். ஏன் என்று படிக்கும்போது புரியும். எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சோக வயலின் எங்கேயும் வேண்டாம்.

காட்சி 1: கட்டடம் கட்டும் இடம், அஸ்திவாரக் குழி

(கேமரா முகத்தில் ஆரம்பிக்காதே, நூலில் ஆரம்பி. கொத்தனார் அண்ணன் ஒரு மூலையில் இருந்து இரண்டு பக்கமும் நூல் பிடிக்கிறார். ஒரு நூலில் மூன்றாவது அடியில் சாக்பீஸ் அடையாளம், இன்னொன்றில் நான்காவது அடியில். அப்புறம் டேப்பைக் குறுக்கே வைக்கிறார். அஞ்சு அடி சரியாக வருகிற வரைக்கும் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதை வெட்டாமல் முழுசாகக் காட்டு.)

கொத்தனார்: மூணு, நாலு, அஞ்சு. குறுக்கே அஞ்சு வந்துட்டா மூலைமட்டம் சரின்னு அர்த்தம். இது கொத்தனார் எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் சித்தாளா வேலைக்குச் சேர்ந்த மொதல் வாரத்துலயே, "இது பிதாகரஸ் தேற்றம் மேஸ்திரி, ஒம்பதும் பதினாறும் இருபத்தஞ்சு"ன்னு சொல்லிட்டேன். மேஸ்திரி என்னைய ஒரு மாதிரியா பாத்தாரு. பத்தாவதுல கணக்குல நான் எடுத்தது 37 மார்க்கு டீச்சர். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

திரையில்: 37

குரல்: வணக்கம் டீச்சர். பாராட்டு விழா வீடியோ என்றால் கலெக்டர் ஆனவர், அமெரிக்கா போனவர், மாநில ரேங்க் எடுத்தவர் என்றுதான் வரிசையாக வருவார்கள். நம்மிடமும் அப்படி இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் கடைசியில் வருவார்கள். முதலில் பேசப் போவது 35-க்கும் 50-க்கும் நடுவில் பாஸ் செய்தவர்கள்தான். ஏனென்றால் நீங்களே ஒரு தடவை ஸ்டாஃப் ரூமில் சொன்னீர்கள், ஜன்னலுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டோம்: "நூறு எடுக்கிறவன் நான் இல்லாட்டியும் எடுப்பான். முப்பத்தஞ்சு எடுக்கிறவனுக்குத்தான் டீச்சர் வேணும்."

காட்சி 2: சோழவந்தான் ஸ்டேஷன், பிறகு கொடிக்கால்

(ஸ்டேஷன் பெயர்ப்பலகையை இரண்டு விநாடி காட்டினால் போதும். டீச்சர் மதுரையில் இருந்து தினமும் ரயிலில் வந்ததைப் பற்றிப் பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள். கூடல்நகர் தாண்டியதும் பேப்பர் திருத்த ஆரம்பித்து, சமயநல்லூர் வருவதற்குள் ஒரு கட்டு முடித்துவிடுவார் என்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார், அதை நான் நம்பவில்லை, சேர்க்கவில்லை. கொடிக்கால்தான் முக்கியம், அங்கே நேரம் எடுத்துக்கொள்.)

குரல்: சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். அந்த வெற்றிலையைப் பனி ஈரத்தோடு கிள்ளிக் கவுளி அடுக்கிவிட்டு, கையைக் கழுவாமலே ஸ்கூலுக்கு ஓடி வந்தவர்கள் நம்மில் பாதிப் பேர். பெல் அடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் வருவோம். முதல் பீரியட் கணக்கு. கேட்டில் ஒரு திட்டு, வகுப்பில் ஒரு திட்டு, உள்ளே போய் உட்கார்ந்தால் போர்டில் பாதிக் கணக்கு முடிந்திருக்கும்.

ஒரு வருடம் திடீரென்று டைம் டேபிள் மாறியது. கணக்கு மூன்றாவது பீரியடுக்குப் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நீங்கள் எங்களுக்காக இன்னொரு டீச்சரிடம் பீரியடை மாற்றி வாங்கினீர்கள் என்பதும், அதற்குப் பதிலாக மத்தியானம் சாப்பிட்டதும் தூக்கம் வரும் எட்டாவது வகுப்பை எடுத்துக்கொண்டீர்கள் என்பதும் போன மாதம்தான் தெரிந்தது. உங்களோடு வேலை பார்த்து ரிட்டயர்டு ஆன டீச்சர் ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவரைக் கோபிக்காதீர்கள்.

காட்சி 3: தகர டப்பா

(இதுதான் நம் வீடியோவின் நடுப்பகுதி. ஸ்டாஃப் ரூம் மேசையில் அந்த பிஸ்கட் டப்பா இன்னும் இருக்கிறது, ஆபீஸில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். மேலிருந்து எடு, மூடி திறக்கும் சத்தம் கேட்க வேண்டும்.)

குரல்: உள்ளே பன்னிரண்டு, பதின்மூன்று காம்பஸ். எதுவுமே புதுசு இல்லை. திருகு லூசான காம்பஸில் சிகரெட் அட்டையை மடித்துச் செருகியிருப்பீர்கள். வட்டம் சுற்றும்போது கால் விரியாமல் இருக்க அதுதான் வழி. ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு பென்சில், ஒரே மாதிரி சீவியது. யார் மறந்து வந்தாலும் திட்டிவிட்டு ஒன்று கொடுப்பீர்கள், பீரியட் முடிந்ததும் எண்ணி வாங்குவீர்கள்.

வெளியூர் ஆட்களுக்கு இது புரியாது. பத்தாவது கணக்குப் பேப்பரில் வரைபடமும் செய்முறை வடிவியலும் சேர்ந்து சமச்சீர் வந்த புதிதில் 20 மார்க், இப்போது 16. பாஸ் மார்க் 35. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியில் இருந்து இரண்டு தொடுகோடு வரையத் தெரிந்தவன், கிராஃபில் புள்ளி வைக்கத் தெரிந்தவன், பாதிக் கிணறு தாண்டின மாதிரி. தேற்றம் தலைகீழாக நின்றாலும் மண்டையில் ஏறாதவனைக்கூட அந்த இரண்டையும் வைத்துக் கரை சேர்த்தீர்கள்.

நர்ஸ் அக்கா: "உதவிப் படம் எங்க? அளவுத்திட்டம் எழுதினியா?" தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இந்த ரெண்டும் வரும் டீச்சர். இப்ப வார்டுல பேஷன்ட்டோட டெம்ப்பரேச்சர் சார்ட் குறிக்கும்போதும் ஓரத்தைத்தான் முதல்ல பாக்கறேன்.

பஸ் கண்டக்டர்: நான் மார்ச்ல ஃபெயில். 28. வீட்டுல அடி, தெருவுல கிண்டல். துணைத் தேர்வு அன்னைக்குப் பரீட்சை சென்டர் வாசல்ல போய் நிக்கிறேன், டீச்சர் புங்கமரத்தடியில உக்காந்திருக்காங்க. கையில அந்த டப்பா. எங்க ஸ்கூல்ல இருந்து எழுதினது மொத்தமே நாலு பேர்தான். "போடா, ஸ்டெப் விடாம எழுது, விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. 41 எடுத்தேன்.

(இவர் பேசி முடித்ததும் உடனே கட் பண்ணாதே, அவர் சிரிக்கிற வரைக்கும் விடு.)

காட்சி 4: மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம்

(பழைய போட்டோ ஒன்றுதான் இருக்கிறது, மங்கல். அதைக் காட்டிவிட்டு, இப்போது எடுத்த கோபுரக் காட்சிக்குப் போ.)

குரல்: முக்கோணவியல் பாடத்தில் "கோபுரத்தின் உயரம் காண்க" என்று கணக்கு வந்தது. நமக்குக் கோபுரத்துக்கா பஞ்சம் என்று சொல்லி லீவு நாளில் மதுரைக்குக் கூட்டிப் போனீர்கள். பாகைமானியின் நேர் விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுவில் நூல் கட்டி, நுனியில் சைக்கிள் சாவியைத் தொங்கவிட்டதுதான் கருவி. ஸ்ட்ரா வழியாகக் கோபுர உச்சியைப் பார்க்க வேண்டும், நூல் எந்தக் கோடு பக்கம் தொங்குகிறது என்று இன்னொருவன் குனிந்து படிக்க வேண்டும். 45 டிகிரி வருகிற இடம் வரைக்கும் பின்னால் நடந்தோம். 45 என்றால் தூரமும் உயரமும் ஒன்று, அதோடு நம் கண் உயரத்தைக் கூட்டினால் முடிந்தது. பூக்கார அம்மா ஒருவர் கூடையை நகர்த்தி வழிவிட்டு, "எந்த டிவி?" என்று கேட்டார்.

சுவர் வரைக்கும் டேப் பிடித்துக் கணக்குப் போட்டால் 135 அடி வந்தது. தெற்குக் கோபுரம் 170 அடி. பாகைமானி ஓட்டை, டேப் இழுத்தவன் சரியில்லை என்று எங்களுக்குள் சண்டை. நீங்கள் நிழலில் நின்று முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே, "உச்சி அந்தச் சுவருக்கு நேர் மேலயா இருக்கு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

இல்லைதான். உச்சி உள்ளே தள்ளி இருக்கிறது, அதற்கு நேர் கீழே போய் டேப் வைக்க முடியாது. அப்புறம்தான் 30 டிகிரி வருகிற இடம் வரைக்கும் இன்னும் பின்னால் போகச் சொல்லி, இரண்டு இடத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை மட்டும் அளக்கச் சொன்னீர்கள். 120 அடி. அதை ரூட் மூன்றில் இருந்து ஒன்றைக் கழித்த 0.732-ஆல் வகுத்தால் 164, கண் உயரம் நாலரை அடி, மொத்தம் 168 சொச்சம். தெருவில் நின்று கத்திவிட்டோம். போலீஸ்காரர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார், அவருக்கும் ஸ்ட்ரா வழியாகப் பார்க்கக் கொடுத்தீர்கள்.

காட்சி 5: செல்போன் ஸ்கிரீன்

(கால் வரும் சத்தம். நம்பர் தெரியக் கூடாது, மறைத்துவிடு.)

2020 பேட்ச் தங்கை: எங்களுக்குப் பரீட்சையே நடக்கலை. ஜூன் 15-ன்னு தேதி சொன்னாங்க, அப்புறம் ரத்து, எல்லாரும் பாஸ். பரீட்சை உண்டா இல்லையான்னே தெரியாத அந்த ரெண்டு மாசமும் டீச்சர் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி ஒரு கணக்கு சொல்வாங்க, மறுநாள் விடை கேப்பாங்க. ஆல் பாஸ்னு நியூஸ் வந்த அன்னைக்கு சாயந்திரமும் போன் வந்துச்சு. "டீச்சர், பாஸ் டீச்சர்"னேன். "அது சரி, நேத்து கொடுத்தது என்னாச்சு?"ன்னாங்க.

காட்சி 6: வேகமாக வெட்டி வெட்டி

(சென்டம் எடுத்தவர்கள் இங்கே. ஆளுக்கு ஐந்து விநாடி: பேர், பேட்ச், "தேங்க்யூ டீச்சர்". பெங்களூரில் இருந்து அனுப்பியவர் நாலு நிமிடம் பேசியிருக்கிறார், நல்ல மனுஷன்தான், ஆனாலும் ஐந்து விநாடிதான். சாக்பீஸ் எறிந்ததைப் பற்றி ஏழு பேர் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு போதும். தலைமையாசிரியர் வாழ்த்து விழாவில் நேரில் இருக்கிறது, இங்கே வேண்டாம்.)

காட்சி 7: ஸ்கூல் மரத்தடி, எல்லா பேட்ச்சும் சேர்ந்து

(இது ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. முன்வரிசையில் கொத்தனார் அண்ணன் கையில் அட்டைப்பெட்டி. குரல் இங்கே பின்னணியில் இல்லை, அவரே பேசுகிறார்.)

கொத்தனார்: டீச்சர், மோதிரம் போடலாமா, பட்டுச்சேலை எடுக்கலாமான்னு குரூப்ல ஒரு வாரம் சண்டை. நீங்க வாங்க மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால பணத்தை இப்படிப் பண்ணியிருக்கோம். இந்த வருஷத்துல இருந்து நம்ம ஸ்கூல் பத்தாவதுல எத்தனை பேர் இருக்காங்களோ அத்தனை பேருக்கும் ஜாமெட்ரி பாக்ஸ் எங்க பொறுப்பு. காம்பஸ் நல்ல திருகா பாத்து வாங்கியிருக்கோம், கடையில நானே சுத்திப் பாத்தேன். ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் கொடுக்கணும். நீங்க வந்து கொடுங்க. பென்சில் சீவியிருக்கான்னு பாக்க வேற ஆளு இல்ல.

(வீடியோ முடிந்ததும் லைட்டைப் போடச் சொல், மைக்கை டீச்சரிடம் கொடு. அவர் பேச மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், பந்தியை ஆரம்பித்துவிடுங்கள்.)