சொந்தக் கைபேசிக் கட்டணத்தில் அலுவலகப் பங்கை வழங்கக் கோரும் கடிதம்

பொள்ளாச்சி,
06.10.2025

அனுப்புநர்
சு. கதிரவன்,
முதுநிலை சர்வீஸ் டெக்னீஷியன்,
பொள்ளாச்சி – உடுமலைப்பேட்டை பகுதி.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
மனிதவளம் மற்றும் நிர்வாகப் பிரிவு,
தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்.

வழி: சர்வீஸ் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: சொந்தக் கைபேசியின் மாதக் கட்டணத்தில் அலுவலகப் பயன்பாட்டுக்கு உரிய பங்கைத் திரும்ப வழங்கக் கோருதல் – ஏப்ரல் முதல் செப்டம்பர் 2025 வரையிலும், தொடர்ந்தும்.

பார்வை: 1. எனது ஆகஸ்ட் 2025 பயணப்படிப் பட்டியல். 2. அதன்மீது கணக்குப் பிரிவு 22.09.2025 அன்று எழுதிய குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆகஸ்ட் மாதப் பயணப்படிப் பட்டியலில் ‘இதர செலவு’ என்ற கட்டத்தில் கைபேசிக் கட்டணத்தின் ஒரு பகுதியை எழுதியிருந்தேன். அந்த வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ‘சொந்த எண், நிறுவனம் ஏற்க இயலாது’ என்ற குறிப்புடன் பட்டியல் திரும்பி வந்தது. கணக்குப் பிரிவின் மீது எனக்கு வருத்தம் இல்லை. பயணம், உணவு, தங்கல், இதரம் ஆகிய நான்கு கட்டங்கள்தான் அந்தப் படிவத்தில் இருக்கின்றன. தொலைபேசிக்கு இடமும் இல்லை, விதியும் இல்லை. கட்டத்தில் இல்லாததை அவர்களால் அனுமதிக்க முடியாது. ஆகவே, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள தங்களுக்கே நேராக எழுதுகிறேன்.

எண் என் பெயரில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணை ஊருக்குக் கொடுத்தது நிறுவனம். எங்கள் பகுதியில் நாம் பொருத்தும் ஒவ்வொரு நீர்மூழ்கி மோட்டாரின் பேனல் போர்டு கதவிலும் ‘சர்வீஸுக்கு அழைக்க’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். அதில் தலைமை அலுவலக எண்ணுக்குக் கீழே அச்சாகியிருப்பது என் எண். உத்தரவாத அட்டையின் பின்பக்கத்திலும் அதே எண்தான். தலைமை அலுவலக எண்ணை யாரும் அழைப்பதில்லை, ஐயா. ஆனைமலைத் தோப்பில் தண்ணீர் நின்றுபோனால் விவசாயி விடியற்காலை ஐந்து மணிக்கு அழைப்பது கீழே உள்ள எண்ணைத்தான்.

ஜனவரியில் சர்வீஸ் செயலி வந்த பிறகு செலவின் தன்மையே மாறிவிட்டது. ஒரு புகாரை முடிக்க நான்கு படங்கள் ஏற்ற வேண்டும்: மோட்டாரின் வரிசை எண் தகடு, பேனல் போர்டின் உட்புறம், ஆம்பியர் மீட்டர் காட்டும் அளவு, குழாயில் தண்ணீர் விழுவது. அதன்பின் வாடிக்கையாளரின் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைப் பதிய வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் புகார் திறந்தே கிடக்கும், மறுநாள் தாமதப் பட்டியலில் என் பெயர் வரும். அதற்கு முன்பு நான் சாதாரண ப்ரீபெய்டு திட்டத்தில் இருந்தேன். தினசரி டேட்டா வரம்பு மதியத்துக்குள் தீர்ந்துவிடும். திட்டத்தின் காலம் முடிந்து, அது தெரியாமல் காட்டுக்குள் நின்றதும் உண்டு. அதனால்தான் மார்ச் மாதம் போஸ்ட்பெய்டுக்கு மாறினேன். என் வீட்டுத் தேவைக்குப் பழைய திட்டமே போதும்.

இப்போது கணக்கு. என் மாத பில் 706 ரூபாய் 82 காசு. இதில் என் மகனின் கூடுதல் இணைப்புக்கு 150 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 177 ரூபாய். அது முழுக்க என் குடும்பச் செலவு, அதைத் தொடக்கத்திலேயே கழித்துவிட்டேன். மீதி என் எண்ணுக்கான திட்டக் கட்டணம் 449 ரூபாய், ஜி.எஸ்.டி. 80 ரூபாய் 82 காசு, மொத்தம் 529 ரூபாய் 82 காசு. இந்தத் தொகையில் அலுவலகப் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அழைப்புகள் வரம்பற்றவை. ஓர் அழைப்புக்கு இவ்வளவு காசு என்று பில்லில் வருவதில்லை. ‘அப்படியானால் அலுவலக அழைப்பால் உமக்குத் தனிச் செலவு ஏது’ என்று கணக்குப் பிரிவு நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதே தர்க்கத்தைத் திருப்பினால், என் வீட்டு அழைப்புகளுக்கும் தனிச் செலவு இல்லை, 449 ரூபாய் யாருக்காகவும் செலவாகவில்லை என்று ஆகிவிடும். மொத்தமாகக் கட்டும் கட்டணத்தைப் பயன்பாட்டின் விகிதத்தில் பிரிப்பதே வழி. நான் செய்திருப்பது அதுதான்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் விவரமான பில்களை எடுத்து, நான் அழைத்த எண்களை எங்கள் வாடிக்கையாளர் பதிவேடு, டீலர் பட்டியல், அலுவலக எண்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டேன். மொத்தம் 1,286 அழைப்புகளில் 913 அலுவலகம் சார்ந்தவை. இது 71 சதவீதம். எனக்கு வரும் அழைப்புகள் பில்லில் இடம்பெறுவதில்லை. அவற்றையும் சேர்த்தால் விகிதம் உயரும் என்பது என் கணிப்பு, ஆனால் காட்ட முடியாததை நான் கேட்கவில்லை. டேட்டாவுக்குக் கைபேசி அமைப்பில் தெரியும் செயலிவாரி அளவை எடுத்துக்கொண்டேன். சர்வீஸ் செயலி, வரைபடம், அலுவலக மின்னஞ்சல் மூன்றும் 46 சதவீதம். வாட்ஸ்அப் 31 சதவீதம். அதில் விவசாயிகள் அனுப்பும் வீடியோவும் இருக்கிறது, உறவினர் அனுப்பும் காலை வணக்கமும் இருக்கிறது. பிரித்தறிய வழி இல்லாததால் பாதியை மட்டும் அலுவலகத்துக்கு வைத்தேன். ஆக, டேட்டாவில் 61.5 சதவீதம். அழைப்பு, டேட்டா இரண்டின் சராசரி 66 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. நான் கோருவது 65 சதவீதம்.

529.82 ரூபாயில் 65 சதவீதம், மாதம் 344 ரூபாய் 38 காசு.
ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதங்களுக்கு 2,066 ரூபாய் 28 காசு.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான செலவை நான் கேட்கவில்லை. அந்த நிதியாண்டின் கணக்கு முடிந்துவிட்டது, அதற்கு முறையான பில்களும் என்னிடம் இல்லை. கைபேசியின் விலையையும் கேட்கவில்லை.

இந்தச் செலவால் நிறுவனத்துக்குக் கிடைப்பதையும் ஒரு வரி சொல்ல வேண்டும். சென்ற மாதம் உடுமலைப் பக்கம் ஒரு விவசாயி, மோட்டார் எடுக்கவில்லை, உறுமுகிறது என்றார். போர்டைத் திறந்து மூன்று பேஸ் விளக்குகளையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நடு விளக்கு எரியவில்லை. மோட்டாரில் கோளாறு இல்லை, ஒரு பேஸ் வரவில்லை, சுவிட்சை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள் என்றேன். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிருந்தது. அப்படியே ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் மோட்டாரின் சுருள் கருகியிருக்கும், உத்தரவாதக் காலத்துக்குள் உள்ள மோட்டார் என்பதால் சண்டை நம் வாசலுக்கு வந்திருக்கும். நான் நேரில் போயிருந்தால் போக வர 40 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 4 ரூபாய் வீதம் 160 ரூபாய் பயணப்படி. மாதத்தில் இப்படி மூன்று பயணம் மிச்சமானாலே நான் கேட்கும் தொகைக்கு மேல் போய்விடுகிறது.

இதை எந்த முறையில் தருவது என்பதிலும் ஒரு வேண்டுகோள். சம்பளத்தோடு மாதாமாதம் ஒரு நிலையான படியாகச் சேர்த்தால், அது சம்பளமாகவே கணக்கிடப்பட்டு வரிக்கு உட்படும். பில்லின் அடிப்படையில் திரும்ப வழங்கினால் அந்தச் சிக்கல் இல்லை. பணியாளருக்காக நிறுவனம் ஏற்கும் தொலைபேசி, கைபேசிச் செலவைச் சலுகை வருமானமாகக் கருதுவதில்லை என்று 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 3ஆம் விதி சொல்கிறது. நம் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

விற்பனைப் பிரிவினருக்கு இருப்பதுபோல எனக்கும் நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம் தருவது இன்னொரு வழி. அதில் நிறுவனத்துக்கும் ஒரு வசதி உண்டு: பில் நிறுவனத்தின் பெயரில் வருவதால் ஜி.எஸ்.டி. வரவு எடுக்க வாய்ப்பு இருக்கிறது, என் பெயரில் உள்ள பில்லில் அது முடியாது. என் கைபேசியில் இரண்டு சிம் போட இடம் இருக்கிறது, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இப்போதைய எண்ணையே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றித் தரச் சொன்னால் என்னால் இயலாது. வங்கிக் கணக்கு, ஆதார், சமையல் எரிவாயு என எல்லாம் அதில்தான் இணைந்திருக்கின்றன. புது எண் வந்தாலும் ஏற்கெனவே ஒட்டிய ஸ்டிக்கர்களில் பழைய எண்தான் இருக்கும் என்பதால், அவை மாற்றப்படும் வரை 65 சதவீதப் பங்கைத் தொடர வேண்டியிருக்கும். அதன்பின் குறைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, ஆறு மாதப் பாக்கியான 2,066 ரூபாய் 28 காசை அக்டோபர் மாதப் பயணப்படியோடு வழங்குமாறும், இந்த மாதம் முதல் பில்லின் நகல் பெற்று 65 சதவீதத்தை மாதாமாதம் அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். விகிதத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் கணக்கிட்டுத் தருவேன். அது குறைந்தாலும் அப்படியே தருவேன். படிவத்தில் ‘தொலைபேசி’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் இதே நிலையில் உள்ள மற்ற சர்வீஸ் ஊழியர்களும் தனித்தனியாகக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

இணைத்துள்ள பில்களில் என் குடும்பத்தாரின் எண்களைக் கறுப்பு மையால் மறைத்திருக்கிறேன். அலுவலக அழைப்புகளில் எதையாவது சரிபார்க்க விரும்பினால், மூலப் பிரதியை நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். அக்டோபர் பட்டியலை 31ஆம் தேதி அனுப்ப வேண்டியிருப்பதால், அதற்கு முன் தங்கள் முடிவைத் தெரிவித்தால் அதற்கேற்ப எழுதி அனுப்புவேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. கதிரவன்

இணைப்பு: ஏப்ரல் முதல் செப்டம்பர் 2025 வரையிலான ஆறு பில்களும் பணம் செலுத்திய ரசீதுகளும், மூன்று மாத அழைப்பு விவரம், செயலிவாரி டேட்டா அளவின் ஸ்கிரீன்ஷாட்கள், பேனல் போர்டு ஸ்டிக்கரின் படம், திருப்பி அனுப்பப்பட்ட ஆகஸ்ட் பட்டியலின் நகல்.