ஊற்று, நாக்-அவுட், ஃபெட்லிங் பிரிவுகளுக்குப் பாதுகாப்புக் காலணி கேட்டு மேலாளருக்குக் கடிதம்

கோவை,
12.08.2024

அனுப்புநர்
சு. முருகேசன்,
டோக்கன் எண் 118, ஊற்றுப் பிரிவு.

பெறுநர்
தொழிற்சாலை மேலாளர் அவர்கள்.

பொருள்: கம்பெனி செலவில் பாதுகாப்புக் காலணி வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஹெல்மெட், கண்ணாடி, லேடில் பிடிப்பவர்களுக்குத் தோல் கையுறை எல்லாம் கம்பெனி கொடுக்கிறது. காலுக்கு மட்டும் இதுவரை எதுவும் கொடுக்கவில்லை. அவரவர் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வருவதுதான். கேன்வாஸ் ஷூ போட்டவர்களும் இருக்கிறார்கள், ரப்பர் செருப்போடு நிற்பவர்களும் இருக்கிறார்கள். இதை ஃபோர்மேனிடம் வாயால் சொல்லியிருக்கிறோம். ஸ்டோரில் கேட்டால் மேலிடத்து அனுமதி வேண்டும் என்கிறார்கள். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

ஊற்றுப் பிரிவில் லேடிலில் வரும் இரும்பு 1,350 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்கிறது. ஊற்றும்போது சிறு துளிகள் தெறிப்பது தினமும் நடப்பதுதான். அது கேன்வாஸில் விழுந்தால் துணியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ரப்பர், பிளாஸ்டிக் என்றால் உருகித் தோலோடு ஒட்டும். இப்போது மழைக்காலம் வேறு. கூரை ஒழுகும் இடத்தில் தரை ஈரமாகவே கிடக்கிறது. ஈரத்தின் மேல் உருகிய இரும்பு சிந்தினால், தண்ணீர் சட்டென்று ஆவியாகி இரும்பைத் தூக்கி எறியும். போன மாதம் இரண்டாவது ஷிப்டில் அப்படித் தெறித்ததில் ஒரு தம்பிக்குக் கணுக்காலுக்குக் கீழே வெந்துபோனது. ஷூவில் லேஸ் முடிச்சு இறுகியிருந்ததால் உடனே கழற்றவும் முடியவில்லை.

இதனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊற்றுகிறவர்களுக்கு லேஸ் வைத்த சாதாரண சேஃப்டி ஷூ வாங்கித் தந்து கணக்கை முடித்துவிடக் கூடாது. லேஸ் இல்லாமல், கணுக்காலை மூடி, ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய, சூடு தாங்கும் தோல் பூட்ஸ்தான் அந்த வேலைக்கு ஆகும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் பூட்ஸின் வாய் புனல் மாதிரி துளியை உள்ளே வாங்கிக்கொள்ளும். நைலான் சாக்ஸும் உருகும் என்பதால் பருத்தி சாக்ஸும் சேர்த்துத் தர வேண்டும்.

நாக்-அவுட்டிலும் ஃபெட்லிங்கிலும் ஆபத்து வேறு மாதிரி. பம்ப் கேசிங் ஒன்று கை நழுவினால் நேராகக் கால் விரல் மேல்தான் விழும். தரையில் உடைந்த ரன்னர், ரைசர் துண்டுகளும், ஆணியும், பிசிறும் கிடக்கின்றன. எவ்வளவு கூட்டினாலும் மணலுக்குள் ஒளிந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே லேஸ் ஷூ போதும். ஆனால் முன்னால் ஸ்டீல் டோ, அடியில் ஆணி ஏறாத தகடு, இரண்டும் இருக்க வேண்டும்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 15298, இரண்டாம் பாகம் என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில்தான் விரல் பகுதி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. ஏறக்குறைய 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. மூன்றாம் பாகம் அதில் பாதிதான். நான்காம் பாகத்தில் விரலுக்கு அந்தக் காப்பே கட்டாயமில்லை. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டால் செலவும் ஆகும், காலும் தப்பாது. ஆணி ஏறாத அடித்தகடு எல்லா மாடலிலும் வருவதில்லை, ஆர்டரில் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்று. நாக்-அவுட்டில் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் நிற்கிறார்கள். காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் அவர் பார்க்க மாட்டார், அது தங்களுக்கும் தெரியும். பீகாரிலிருந்து வந்த பையன்களின் காலும் கால்தானே ஐயா. அவர்களையும் சேர்த்தே எண்ணிக்கை எடுக்க வேண்டுகிறேன்.

தொழிலாளர்களின் பாதுகாப்பை உறுதிசெய்வது நிர்வாகத்தின் கடமை என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 7ஏ பிரிவு சொல்கிறது. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. காலணிக்குச் சம்பளத்தில் பிடித்தம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அடிபட்ட பிறகு இஎஸ்ஐ இருக்கிறது, சரி. ஆனால் விரல் போனவன் மறுபடி லேடில் பிடித்து நடப்பது கஷ்டம். பழகிய ஆள் போனால் கம்பெனிக்கும் நஷ்டம்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வாங்க முடியாவிட்டால் ஊற்றுப் பிரிவுக்கு முதலில் கொடுங்கள், அப்புறம் நாக்-அவுட், ஃபெட்லிங். அளவு எடுக்காமல் மொத்தமாக வாங்க வேண்டாம். கடிக்கிற ஷூவை யாரும் எட்டு மணி நேரம் போட மாட்டார்கள், லாக்கரில்தான் கிடக்கும். மூன்று பிரிவுகளிலும் ஒவ்வொருவரின் கால் அளவையும் கேட்டு எழுதிய பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அடித்தோல் தேய்ந்தாலோ, தையல் விட்டாலோ பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளும் வழியும் ஸ்டோரில் வேண்டும்.

புதிய பூட்ஸ் வரும்வரை ரப்பர் செருப்போடு யாரையும் லேடில் பக்கம் விட வேண்டாம் என்று ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கூரை ஒழுகும் இடத்திலும் ஈரம் காயும்வரை ஊற்ற வேண்டாம் என்று சொன்னால் நல்லது. தாங்கள் கூப்பிட்டால் முதல் ஷிப்ட் முடிந்ததும் ஆபீஸுக்கு வந்து நேரில் விளக்குகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. முருகேசன்

இணைப்பு: கால் அளவுப் பட்டியல்
நகல்: பாதுகாப்புக் குழு