பெற்றோர் சந்திப்பு மாலை: ஜூலை 16, வியாழக்கிழமை, மாலை 5 மணி

அன்புள்ள அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லாருக்கும் வணக்கம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் எழுதுகிறேன். என் மகனும் இதே பள்ளியில்தான் நான்காம் ஆண்டு படிக்கிறான். ஜூலை 16 வியாழக்கிழமை மாலை பெற்றோர் சந்திப்பு இருக்கிறது, இந்த முறை காலையில் இல்லை. போன வருடம் காலையில் வைத்தபோது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற பலரால் வர முடியவில்லை, வந்தவர்களும் ஒரு வகுப்பாசிரியரிடம் பேச முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று அவசரமாகக் கிளம்பினார்கள். அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் மாலைக்கு மாற்றியிருக்கிறோம். வகுப்பறைச் சுற்றையும் இரண்டாகப் பிரித்திருக்கிறோம். ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறவர்கள் இரண்டாவது சுற்றுக்கு வந்தால் போதும், ஆசிரியரைச் சந்திப்பதைத் தவறவிட மாட்டீர்கள்.

முக்கியமாக ஒன்று. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வகுப்பைச் சுற்றிக் காட்டப்போவது அவர்கள்தான். அவர்கள் உட்காருகிற நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், அங்கிருந்து பலகை தெரிகிறதா என்று பாருங்கள், அவர்கள் எழுதியதை அவர்களையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதே என்று சில பெற்றோர் தயங்குவது எனக்குத் தெரியும். தயவுசெய்து தயங்க வேண்டாம், பிள்ளை வாசித்துக் காட்டும்போது கேட்பதற்கு நீங்கள் இருந்தால் அதுவே போதும்.

நிகழ்ச்சி நிரல்

5.00 – மண்டப வாசலில் பதிவு. பிள்ளையின் வகுப்பைச் சொன்னால் எண் போட்ட சீட்டு தருவார்கள். ஆசிரியரைச் சந்திப்பது அந்த எண் வரிசைப்படிதான், அதனால் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.
5.30 – நெகாராக்கூ, மாநிலப் பண், தமிழ் வாழ்த்து.
5.40 – தலைமையாசிரியர் உரை, 15 நிமிடம்.
5.55 – முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் திருக்குறள் சொல்கிறார்கள், அடுத்து ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் சிலம்பம்.
6.15 முதல் 7.15 – வகுப்பறைச் சுற்று, முதல் நேரம்.
7.15 முதல் 8.00 – இடைவேளை. சிற்றுண்டிச்சாலையில் சைவ மீகூன், வடை, தேநீர். மலாய் ஆசிரியர்கள் மக்ரிப் தொழுகைக்குப் போய் வருவதும் இந்த நேரத்தில்தான், அதனால் அவர்களை அப்போது தேட வேண்டாம்.
8.00 முதல் 9.00 – வகுப்பறைச் சுற்று, இரண்டாம் நேரம். தாமதமாக வருகிறவர்களும் பதிவு மேசையில் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தலைமையாசிரியர் உரையைத் தவறவிடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது, ஆனாலும் நம்மில் பலர் இன்னும் ‘எத்தனை ஏ?’, ‘வகுப்பில் எத்தனையாவது?’ என்றுதான் கேட்கிறோம், நானும் கேட்டிருக்கிறேன். இப்போது ஆண்டு முழுக்க வகுப்பறை மதிப்பீடு நடக்கிறது, அதில் அடைவு நிலை 1 முதல் 6 வரை. பிள்ளைக்கு ஒன்று தெரியுமா, புரிகிறதா, அதைச் செய்யவும் முடிகிறதா என்று படிப்படியாகப் பார்க்கிற அளவு அது. குறைந்தபட்சம் எட்ட வேண்டியது 3. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதற்கு அது பயன்படாது. உங்கள் பிள்ளை கணிதத்தில் 2 என்றால் ‘ஏன் 2?’ என்று பிள்ளையைக் கேட்காமல், ‘3க்கு வர எது இன்னும் புரியவில்லை, வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?’ என்று ஆசிரியரைக் கேளுங்கள். அவரிடம் பதில் இருக்கும், பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தையே எடுத்துக் காட்டுவார். ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம். கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை முன்னாடியே எழுதி வைத்துக்கொண்டு வந்தால் நேரம் வீணாகாது.

வகுப்பறைகளில் என்ன பார்க்கலாம்

பாலர் பள்ளியும் முதலாம் ஆண்டும் கீழ்த்தளத்தில். ஏணிப்படி ஏற முடியாத தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளை மேல்தளத்தில் படித்தால் பதிவு மேசையில் சொல்லுங்கள், ஆசிரியர் கீழே நூலகத்துக்கு வந்து பேசுவார். நூலகத்துக்குப் பக்கத்திலேயே குறைநீக்கல் வகுப்பு இருக்கிறது. அந்த அறைக்குள் போவதில் சிலருக்குக் கூச்சம், ஆனால் என்னைக் கேட்டால் இந்தப் பள்ளியில் எல்லாரும் கட்டாயம் பார்க்க வேண்டிய அறை அதுதான். எழுத்துக் கூட்டத் தடுமாறிய பிள்ளைகள் மணலிலும் மாவிலும் எழுதிப் பழகி, இப்போது முழு வாக்கியம் வாசிக்கிறார்கள். எப்படிப் பழக்கினார் என்பதை ஆசிரியரே செய்து காட்டுவார், வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு வகுப்புகளில் வாசிப்பு மூலையும் அறிவியல் பயறுச் செடிகளும். நான்காம் ஆண்டில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்குப் பிள்ளைகள் தாங்களே செய்த பொருள்கள். ஐந்தாம் ஆண்டுச் சுவரில் ஒரு பெரிய காலக்கோடு ஒட்டியிருக்கிறார்கள்: 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியதில் தொடங்கி, 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது, அதற்குப் பின் தோட்டப் பள்ளிகள் என்று வந்து, கடைசியில் அவரவர் தாத்தா பாட்டி எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதோடு முடிகிறது. உங்கள் குடும்பத்தில் பழைய பள்ளிப் படம் இருந்தால் கொண்டு வாருங்கள், அங்கேயே நகல் எடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம்.

ஆறாம் ஆண்டுப் பெற்றோருக்குத் தனி மேசை. இடைநிலைப் பள்ளிக்கு விண்ணப்பிப்பது, புகுமுக வகுப்பு பற்றிய சந்தேகம், மலாய்மொழியில் இன்னும் எங்கே வலுவூட்ட வேண்டும் என்பதெல்லாம் அங்கே பேசலாம்.

வண்டிகளைத் திடலில் நிறுத்தலாம். மழை பெய்தால் திடல் சேறாகிவிடும், அப்போது பள்ளிக்குப் பின்னால் உள்ள சாலையில் நிறுத்துங்கள், அங்கிருந்து அழைத்து வர நம் சங்கத்தினர் குடையோடு நிற்பார்கள். பட்டர்வொர்த் பக்கமிருந்து வருகிறவர்கள் பாலத்து நெரிசலை நினைத்துக் கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்கள். மற்ற பிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம், உங்கள் பிள்ளையின் படம் எடுத்துக்கொள்ளத் தடை இல்லை.

கருத்துப் படிவம்

பெயர் எழுத வேண்டாம். பொருத்தமானதை வட்டமிடுங்கள், 4ஆவது கேள்விக்கும் 6ஆவது கேள்விக்கும் மட்டும் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். எழுத வசதி இல்லையென்றால் வாசல் மேசையில் வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

1. உங்கள் பிள்ளை எந்த வகுப்பு? பாலர் பள்ளி / ஆண்டு 1 / 2 / 3 / 4 / 5 / 6
2. ஆசிரியரிடம் பேசக் கிடைத்த நேரம்: போதும் / கொஞ்சம் குறைவு / போதவே இல்லை
3. அடைவு நிலை பற்றிச் சொன்னது: நன்றாகப் புரிந்தது / பாதி புரிந்தது / புரியவில்லை
4. பிள்ளையைப் பற்றி இன்றைக்குப் புதிதாகத் தெரிந்துகொண்டது என்ன?
5. அடுத்த சந்திப்பு எப்போது வசதி? வேலை நாள் மாலை / சனிக்கிழமை காலை / இரண்டும் சரி
6. பள்ளியில் உடனே சரிசெய்ய வேண்டிய ஒன்று என்ன? கழிப்பறை, உணவு, பாதுகாப்பு எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

படிவத்தை வாசலில் இருக்கிற நீலப் பெட்டியில் போடுங்கள். ஜூலை 24க்குள் எல்லாவற்றையும் வாசித்து, என்ன செய்யப்போகிறோம், எதை இப்போதைக்குச் செய்ய முடியாது என்பதை வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் தெரிவிக்கிறோம். மீகூன் எவ்வளவு சமைப்பது என்று சிற்றுண்டிச்சாலை அக்காவுக்குச் சொல்ல வேண்டும், அதனால் எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை ஜூலை 13 திங்கட்கிழமைக்குள் அதே குழுவில் போட்டுவிடுங்கள்.